'வோம்' என்று முடியும் வாக்கியங்கள்

2018 மே மாதம், பதினான்காவது பொதுத்தேர்தல் முடிந்த வாரத்தில், எங்கள் குடும்பப் புலனக் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. புதிய அரசாங்கம் நூறு நாளில் செய்யப்போகும் பத்துக் காரியங்கள். ஒவ்வொரு வரியின் முன்னும் பச்சை நிறத்தில் 'சரி' குறி. ஆறாவதோ ஏழாவதோ வரியில் 'பிடிபிடிஎன் கடன் ரத்து' என்று இருந்தது. என் அக்கா அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். சம்பளம் 2,600 வெள்ளி. மாதாமாதம் ஒழுங்காகக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தவர் அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், "அதான் ரத்துன்னு சொல்லிட்டாங்களே" என்றார்.

யாரும் அப்படிச் சொல்லவில்லை. பாக்காத்தான் ஹராப்பானின் தேர்தல் அறிக்கையில் இருந்தது வேறு. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கடன் திருப்பிச் செலுத்துவது ஒத்திவைக்கப்படும், வெளிநாடு போகவிடாமல் தடுக்கும் கறுப்புப் பட்டியல் நீக்கப்படும், அவ்வளவுதான். இரண்டில் கறுப்புப் பட்டியல் உண்மையிலேயே ஜூன் மாதமே நீக்கப்பட்டது. நான்காயிரம் வெள்ளி வரம்பு நடைமுறைக்கு வரவில்லை. அதற்கு மாறாக, அதே ஆண்டு இறுதியில் ஆயிரம் வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களிடமிருந்து நேரடியாகப் பிடித்தம் செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டது. அக்காவுக்கு நிலுவைக் கடிதம் வந்தபோது அவர் திட்டியது அரசாங்கத்தை. நான் திட்டியது அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்த பெயர் தெரியாத ஆளை. வாக்குறுதி முழுதாக நிறைவேறியிருந்தாலும் அக்காவின் கடன் ரத்தாகியிருக்காது. தள்ளித்தான் போயிருக்கும். 'ஒத்திவைப்பு' என்ற ஆறெழுத்துச் சொல் 'ரத்து' என்று மூன்றெழுத்தாகச் சுருங்கியதில் ஒரு குடும்பத்துக்கு நிலுவைத்தொகை ஏறியது.

அதனால்தான் சொல்கிறேன், எனக்குச் சண்டை மேடையில் பேசுகிறவரோடு இல்லை. அவர் வேலை ஓட்டு வாங்குவது. அதை மறைக்காமல் செய்கிறார். மறுநாள் காலை அந்தப் பேச்சை நமக்குச் சுருக்கித் தருகிறவர்கள்மீதுதான் என் கோபம். அதில் நாளிதழ் நிருபரும் உண்டு, புலனக் குழுப் பெரியப்பாவும் உண்டு. நம் தமிழ்ப் பத்திரிகைகளில் அரசியல் செய்தியின் தலைப்பு பெரும்பாலும் ஒரே சொல்லில்தான் முடிகிறது: 'உறுதி'. தலைவர் உறுதி, அமைச்சர் உறுதி, வேட்பாளர் உறுதி. ஆய்வு செய்யலாம் என்றாலும் உறுதி, பேசிப் பார்க்கிறேன் என்றாலும் உறுதி. சொல்லாமல் சிரித்தால்கூட உறுதி என்று போட்டுவிடுவார்களோ என்று தோன்றுகிறது.

2023 ஆகஸ்டில் சிலாங்கூர் உட்பட ஆறு மாநிலங்களில் சட்டமன்றத் தேர்தல் நடந்ததல்லவா, அப்போது எங்கள் தாமான் மண்டபத்தில் ஒரு செராமா. கட்சியைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் மீதியைப் படிக்காமல் எனக்கு எந்தக் கட்சி என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பேசியவர் கூட்டத்தைக் கட்டிப்போடத் தெரிந்தவர். நாற்பது நிமிஷம். கைப்பேசியில் பதிவு செய்து வீட்டுக்கு வந்து, முழுவதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். மூன்று மணி நேரம் ஆனது. மறுநாள் வந்த நாளிதழ்ச் செய்தியையும் குழுவில் பெரியப்பா போட்ட பன்னிரண்டு அம்சச் சுருக்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

முதலில் வெட்ட வேண்டியதை வெட்டினேன். வணக்கம், யார் யார் வந்திருக்கிறார்கள், எதிர்க்கட்சி வேட்பாளரின் தலைமுடி பற்றிய நகைச்சுவை, பழைய சினிமா வசனம் ஒன்று, 'நம் சமுதாயம் விழித்துக்கொள்ள வேண்டும்' வகையறா எல்லாம் போனால் இருபத்தாறு வாக்கியங்கள்தான் மிஞ்சின. நாற்பது நிமிஷத்தில் இருபத்தாறு. குறை சொல்லவில்லை, செராமா என்பது அப்படித்தான்.

இந்த இருபத்தாறையும் பிரிக்கத் தமிழே உதவி செய்கிறது. வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கும் வினைச்சொல்லில்தான் இருக்கிறது. 'தருவோம்' என்றால் வாக்குறுதி. 'தந்தோம்' என்றால் தகவல். அதைச் சரிபார்க்கலாம். 'தரவேண்டும்' என்றால் கருத்து. அதை உண்மையா பொய்யா என்று கேட்பதே தப்பு, ஒத்துக்கொள்கிறோமா இல்லையா என்பதுதான் கேள்வி. நான் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவன். ஒரு கருவி எவ்வளவு காட்ட வேண்டும் என்று தாளில் எழுதியிருப்பது ஒன்று, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் என் மேலாளர் தாளை என் முகத்திலேயே எறிவார். அதைத்தான் நம் செய்தியாளர்கள் தினமும் செய்கிறார்கள். பெரியப்பாவின் பன்னிரண்டு அம்சங்களில் பத்துக்கு வினைச்சொல்லே இல்லை. 'கோயில் நிலம்', 'மெட்ரிகுலேஷன் 2,200', 'நாட்டின் கடன் இரு மடங்கு' என்று வெறும் பெயர்ச்சொற்கள். வினை இல்லாத இடத்தில் படிக்கிறவர் தனக்குப் பிடித்த வினையைப் போட்டுக்கொள்வார். என் அக்கா போட்டுக்கொண்ட மாதிரி.

ஆனால் விகுதியை மட்டும் பார்த்தால் போதும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 'பரிசீலிக்கப்படும்' என்ற வாக்கியம் எதிர்காலத்தில் இருக்கிறது, ஆனால் பரிசீலிப்பவர் யார் என்பது அதில் இல்லை. மேடையில் மலாயில் சொல்லும்போது அது 'அக்கான் டிகாஜி'. அதைத் தமிழ் நிருபர் 'உறுதி' என்று மொழிபெயர்க்கிறார். 'பாடுபடுவோம்' என்பதும் அப்படித்தான். பாடுபட்டால் போதும், கிடைக்க வேண்டியதில்லை. சொன்ன சொல் காப்பாற்றப்பட்டதாகிவிடும். இவற்றை நான் வாக்குறுதிக் கணக்கில் சேர்க்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதி, 'யார்? எப்போது?' என்று பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

இன்னொரு வகை இதைவிட வழுக்கும். அன்றைக்கு அதிகக் கைதட்டல் வாங்கிய வாக்கியம் இது: "கேபினெட்ல பேசியாச்சு, கிடைச்ச மாதிரிதான்." இதில் முன்பாதி நடந்துவிட்ட ஒன்றைச் சொல்கிறது. ஆகவே தகவல். ஆனால் அமைச்சரவையின் ஆவணங்களும் முடிவுகளும் 1972ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியக் காப்புச் சட்டத்துக்குள் வருபவை. அங்கே என்ன பேசினார்கள் என்று நானும் நீங்களும் எந்தப் புத்தகத்தைத் திறந்தும் பார்க்க முடியாது. பொய் என்று சொல்லவில்லை. சரிபார்க்கவே வழியில்லாத தகவல் என்கிறேன். அதற்குத் தனி இடம் வேண்டும், வாக்குறுதி பக்கத்திலும் சேர்க்கக்கூடாது, உண்மை பக்கத்திலும் சேர்க்கக்கூடாது. நாளிதழ் அதைத்தான் தலைப்பாக்கியது. 'அமைச்சரவையில் ஒப்புதல்' என்று. பேசியாச்சு என்றது ஒப்புதல் ஆகிவிட்டது. 'மாதிரி' என்ற சொல் அச்சுக்கூடத்தில் காணாமல் போயிருக்க வேண்டும்.

இனி மெட்ரிகுலேஷன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நம்ம பிள்ளைங்களுக்கு மறுபடியும் வருஷத்துக்கு 2,200 இடம் வாங்கிக் கொடுப்போம்." நாளிதழிலும் குழுவிலும் இது ஒற்றை வாக்குறுதி. எனக்கு அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வாக்கியங்கள் தெரிந்தன. 'கொடுப்போம்' வாக்குறுதி. 'மறுபடியும்' என்பது தகவல், ஏனென்றால் முன்பு ஒருமுறை கொடுத்தால்தான் மறுபடியும் கொடுக்க முடியும். 'வருஷத்துக்கு' என்பதும் தகவலைச் சுமக்கிறது, முன்பு ஆண்டுதோறும் அவ்வளவு கிடைத்தது என்று கேட்பவர் மனதில் பதிகிறது. வாக்குறுதிக்குள் ஒளிந்துகொண்டு வரும் தகவலை யாரும் நிறுத்திச் சோதிப்பதில்லை. கைதட்டுகிற சத்தத்தில் உள்ளே போய்விடுகிறது.

பிரித்தால் என்ன கிடைக்கிறது? 2012இல் பிரதமர் நஜிப் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்று அறிவித்தார். 2018இல் 2,200 என்ற எண் அமைச்சரவை அறிவிப்பாக வந்தது. அதுவரை சரி. ஆனால் 'வருஷத்துக்கு' என்ற சொல்? 2019 ஏப்ரலில் அரசாங்கம் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியது. பூமிபுத்ராவுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற விகிதம் மாறவில்லை. நாற்பதாயிரத்தில் பத்து விழுக்காடு நான்காயிரம். அந்த நான்காயிரம் சீனர், இந்தியர், பிறர் எல்லாருக்கும் சேர்த்து. இதில் 2,200 இந்தியர்களுக்கு ஆண்டுதோறும் என்றால் பாதிக்கும் மேல் நமக்கே வரவேண்டும். நம்மைவிட மூன்று மடங்குக்கும் மேலிருக்கும் சீனர்கள் மிச்சத்தில் அடங்க வேண்டும். விகிதத்தையோ மொத்த எண்ணையோ மாற்றாமல் அது எப்படி நடக்கும்? இந்தக் கணக்குக்கு இணையமும் தேவையில்லை, ஆள் பலமும் தேவையில்லை. கையில் ஒரு பேனா போதும். நிருபரிடம் பேனா இருந்தது.

எண்ணைப் பிடித்தாலும் அது எதன் எண் என்று பார்க்க வேண்டும். அறிவிக்கப்பட்ட இடம் ஒன்று, அழைப்புக் கடிதம் போன மாணவர் எண்ணிக்கை ஒன்று, ஏற்றுக்கொண்டு கல்லூரியில் பதிவு செய்தவர்கள் இன்னொன்று. அழைப்பு வந்தும் வேறு படிப்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், தூரம் என்று மறுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். மேடையில் எப்போதும் முதல் எண்தான் வரும், ஏனென்றால் அதுதான் பெரியது. எதிர்க்கட்சி மேடையில் கடைசி எண் வரும், அதுதான் சின்னது. இரண்டு பேரும் உண்மையையே சொல்லிக்கொண்டு ஒருவரையொருவர் பொய்யர் என்று திட்டிக்கொள்ளலாம். கல்வி அமைச்சு நாடாளுமன்றத்தில் தரும் எழுத்துப்பூர்வ பதில்களிலும் ஹன்சார்டிலும் இந்த எண்களைத் தேடலாம். parlimen.gov.my தளத்தில் மலாயில் கிடக்கிறது. தேடுவது சலிப்பான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் தகவல் பகுதி. வாக்குறுதிப் பகுதியில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த ஆளின் கையில் அது இருக்கிறதா? நடந்தது மாநிலத் தேர்தல். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி கல்வி கூட்டரசின் பட்டியலில் வருகிறது. சட்டமன்ற உறுப்பினர் நூறு ஓட்டில் ஜெயித்தாலும் பத்தாயிரம் ஓட்டில் ஜெயித்தாலும் மெட்ரிகுலேஷன் இடத்தில் ஒன்றைக்கூடக் கூட்ட முடியாது. 'வாங்கிக் கொடுப்போம்' என்று அவர் சொன்னதைக் கவனியுங்கள், 'கொடுப்போம்' இல்லை. வாங்கி. அதாவது வேறு யாரிடமோ கேட்டு. பேச்சாளர் நேர்மையாகத்தான் பேசியிருக்கிறார் என்று எனக்கு இரண்டாவது முறை கேட்டபோதுதான் புரிந்தது. அந்தச் சின்ன வினையெச்சத்தைத் தூக்கி எறிந்தது நாம்.

நேர்த்தியாகச் சொல்லப்பட்ட அறிவிப்பு எப்படி இருக்கும் என்றால், 2024 ஜூனில் பிரதமர் அன்வார் அறிவித்ததைச் சொல்லலாம்: எஸ்.பி.எம்.மில் 10ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லா இன மாணவருக்கும் மெட்ரிகுலேஷன் இடம். யாருக்கு, என்ன தகுதிக்கு, என்ன கிடைக்கும் என்று இருக்கிறது. அளக்கலாம். அப்படியும் அடுத்த வருஷமே ஏ மைனஸ் என்பது 'ஏ' கணக்கில் வருமா வராதா என்று சர்ச்சை வந்தது. அளவுகோலோடு வந்த வாக்குறுதிக்கே இந்த நிலை. அளவுகோல் இல்லாததை என்ன சொல்ல.

அடுத்தது கடன். "எங்க காலத்துல நாட்டுக் கடன் 686 பில்லியன். இன்னைக்கு ஒன்றரை டிரில்லியன். அஞ்சே வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல ஏத்திட்டானுங்க!" மண்டபம் அதிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாமா என் தோளைத் தட்டி, "கேட்டியா தம்பி" என்றார். கேட்டேன். வீட்டுக்குப் போய் இரண்டு எண்களையும் தனித்தனியாகத் தேடினேன். இரண்டும் உண்மை. அதுதான் விஷயம்.

2018 மே மாதம் அப்போதைய நிதியமைச்சர் லிம் குவான் எங் கணக்கைத் திறந்து காட்டியபோது மூன்று அடுக்காகச் சொன்னார். 2017 முடிவில் கூட்டரசு அரசாங்கத்தின் நேரடிக் கடன் 686.8 பில்லியன். அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்து, கடனாளி கட்டாவிட்டால் தானே கட்டவேண்டிய தொகை 199.1 பில்லியன். தனியார் கூட்டுத் திட்டங்களுக்குப் பல ஆண்டுகள் கட்டவேண்டிய வாடகை போன்றவை 201.4 பில்லியன். மூன்றையும் கூட்டினால் 1.087 டிரில்லியன். 'ஒரு டிரில்லியன் கடன்' என்று அந்த வருஷம் முழுக்க நாம் கேட்ட எண் இதுதான். நேரடிக் கடன் மட்டும் என்றால் நாட்டின் மொத்த உற்பத்தியில் 50.8 விழுக்காடு, எல்லாம் சேர்ந்தால் 80.3 விழுக்காடு.

2023 தொடக்கத்தில் பிரதமர் சொன்ன ஒன்றரை டிரில்லியன் பொறுப்புகளையும் சேர்த்த எண். ஆக, பேச்சாளர் 2018இலிருந்து நேரடிக் கடனை மட்டும் எடுத்தார், 2023இலிருந்து எல்லாம் சேர்ந்ததை எடுத்தார். ஒரு பக்கம் வெறும் அரிசி, மறுபக்கம் சாக்கோடு அரிசி. நேரடிக் கடனை நேரடிக் கடனோடு வைத்தால், 686.8 பில்லியன் 2022 முடிவில் 1.08 டிரில்லியனை ஒட்டி வந்தது. ஏற்றம் ஏறக்குறைய 57 விழுக்காடு. மொத்தத்தை மொத்தத்தோடு வைத்தால் 1.087 டிரில்லியனிலிருந்து 1.5, ஏற்றம் 38 விழுக்காடு. எப்படிப் பார்த்தாலும் இரண்டு மடங்கு வரவில்லை. நாட்டின் உற்பத்தியோடு ஒப்பிட்டால் மொத்தக் கணக்கு அன்றும் 80ஐத் தாண்டியது, ஐந்து வருஷம் கழித்தும் 80க்குச் சற்று மேல்தான். கடன் ஏறவில்லை என்று சொல்லவரவில்லை. நேரடிக் கடன் உற்பத்தியில் 60 விழுக்காட்டை எட்டியது சாதாரண விஷயமில்லை, இடையில் பெருந்தொற்று வந்ததும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மண்டபம் அதிர்ந்தது அதற்காக இல்லை.

இதே எண்களை வைத்து எதிர்த்தரப்புப் பேச்சாளர் இன்னொரு வித்தை காட்டலாம். 2018இல் ஒரு டிரில்லியன், 2022 முடிவிலும் ஒரு டிரில்லியன், ஏறவே இல்லை என்று சொல்லலாம். முதலாவது மூன்று அடுக்கும் சேர்ந்தது, இரண்டாவது ஓர் அடுக்கு மட்டும், தற்செயலாக ஒரே எண்ணாக வந்து நிற்கின்றன. ஆகவே எண் சரியா என்று மட்டும் சோதிக்கிறவர் இரண்டு பேச்சாளருக்கும் 'உண்மை' முத்திரை குத்திவிடுவார். சுருக்கும்போது எண்ணோடு அது எதன் எண், எந்தத் தேதியின் எண் என்ற இரண்டு சொற்களும் வரவில்லை என்றால் அந்த எண்ணையே விட்டுவிடுவது நல்லது. நாளிதழ் என்ன போட்டது? 'நாட்டின் கடன் இரு மடங்கு உயர்வு' என்று போட்டது. மேற்கோள்குறிகூட இல்லை. பேச்சாளர் சொன்னது பத்திரிகை சொன்னதாகிவிட்டது. அடுத்த செராமாவில் அவர் அந்தப் பத்திரிகையைத் தூக்கிக் காட்டி 'பேப்பர்லயே வந்திருக்கு' என்றார் என்று கேள்விப்பட்டேன். ஆச்சரியப்படவில்லை.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, "நீ எஞ்சினியரு, எல்லாத்தையும் அளந்துகிட்டே இருப்ப. அரசியல்வாதி பேச்ச யாருடா நம்புறா? எல்லாம் பொய்தான்" என்றார். இந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாம் பொய் என்பது கேட்க அனுபவசாலியின் வார்த்தை மாதிரி இருக்கும். உண்மையில் அது சோம்பேறித்தனம். எல்லாவற்றையும் நம்புகிறவனும் எதையும் நம்பாதவனும் ஒரே வேலையைத்தான் தவிர்க்கிறார்கள், பிரித்துப் பார்க்கிற வேலையை. பேச்சாளருக்கு இருவருமே வசதி. அதோடு எல்லாம் பொய் என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டு அம்சத்தையும் 'சரி' குறியோடு எட்டுக் குழுக்களுக்கு அனுப்பியவர் பெரியப்பாதான்.

எல்லாம் பொய்யும் இல்லை. அன்றைய பேச்சின் முப்பத்தோராவது நிமிஷத்தில், கூட்டம் ஏறக்குறைய மிகூன் சாப்பிட எழுந்துவிட்ட நேரத்தில், அவர் சாதாரணக் குரலில் ஒன்று சொன்னார். "நம்ம தொகுதியில மூணு கோயிலுக்கு நிலப் பிரச்சன இருக்கு. அடுத்த வருஷம் ஜூனுக்குள்ள மூணுக்கும் கிராண்ட் எடுத்துக் கொடுப்பேன்." யார், என்ன, எத்தனை, எப்போதுக்குள், எல்லாம் இருக்கிறது. 'கொடுப்போம்' இல்லை, 'கொடுப்பேன்'. அதோடு நிலம் மாநிலத்தின் பட்டியலில் இருக்கும் விஷயம். மாநிலத் தேர்தல் மேடையில் அன்றைக்குச் சொல்லப்பட்டவற்றில் அவர் கைக்கு எட்டக்கூடிய வாக்குறுதி இது ஒன்றுதான். யாரும் கைதட்டவில்லை. நாளிதழில் கடைசிப் பத்தியில் 'ஆலய நிலப் பிரச்சினைக்குத் தீர்வு காண உறுதி' என்று வந்தது. மூன்று என்ற எண் இல்லை, ஜூன் இல்லை. பெரியப்பாவின் பட்டியலில் 'கோயில் நிலம்' என்று மட்டும். ஒரு மனிதரைப் பொறுப்பேற்க வைக்கக்கூடிய ஒரே வாக்கியத்திலிருந்து பிடிமானங்களை எல்லாம் கழற்றிவிட்டு நமக்குக் கொடுத்தார்கள்.

நான் அதை நோட்டில் தேதியோடு எழுதிவைத்தேன். அவர் ஜெயித்தார். 2024 ஜூலையில் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு மூன்று கோயில்களுக்கும் போனேன். முதல் கோயில் தலைவர் அங்கீகாரக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். இரண்டாவது கோயிலில் விண்ணப்பம் நில அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள், ரசீது எண் இருந்தது. மூன்றாவது பழைய தோட்டத்துக் கோயில். அங்கே நிர்வாகத்தினர் பேச்சாளரை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். லாட் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிச் 'சாரியான்' எடுத்துப் பார்த்தோம். நிலம் அரசாங்கத்துடையதே இல்லை. தோட்டத்தை வாங்கிய மேம்பாட்டு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. தனியார் நிலத்துக்கு மாநிலம் நினைத்த மாத்திரத்தில் கோயில் பெயரில் கிராண்ட் போட முடியாது. நிறுவனம் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் மாநிலம் இழப்பீடு கொடுத்து எடுக்க வேண்டும். அப்படியென்றால் 'மூணு கோயிலுக்கும் கொடுப்பேன்' என்ற வாக்குறுதிக்குள்ளும் சரிபார்க்காத தகவல் ஒன்று ஒளிந்திருந்திருக்கிறது, மூன்று நிலமும் ஒரே மாதிரியானவை என்று. அந்தக் கூட்டத்தில் அந்தக் கோயில் நிர்வாகத்தினரும் இருந்தார்கள். ஒருவராவது எழுந்து "எங்க நிலம் யார் பேர்ல இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டிருந்தால் பத்து மாதம் மிச்சமாகியிருக்கும்.

மூன்றில் ஒன்று நிறைவேறியது, ஒன்று பாதியில், ஒன்று அவர் கையிலேயே இல்லை. இப்படி ஒரு வரி எந்த நாளிதழிலும் வரவில்லை. எழுதினால் அது அவருக்கு எதிரானதா ஆதரவானதா என்று ஆசிரியருக்குக் குழப்பமாக இருக்கும் போல.

போன மாதம் பெரியப்பா ஓர் ஒலிப்பதிவு அனுப்பினார். வேறு ஊர், வேறு பேச்சாளர், ஐம்பத்திரண்டு நிமிஷம். கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: "டேய், இதுல இவன் 'வாங்கிக் கொடுப்போம்'னு சொன்னானா 'கொடுப்போம்'னு சொன்னானான்னு சரியா கேக்கல. இருபதாவது நிமிஷத்துல பாரு." பார்த்தேன். மைக் இரைச்சலில் எனக்கும் சரியாகக் கேட்கவில்லை. அப்படியே எழுதி அனுப்பினேன்.